போட்டோக்காரருக்கு ஒரு சேதி

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், ஆல்பம் போடுவதற்கு முன்பே போட்டோக்காரருக்கு ஒரு சேதி எழுதி அனுப்பினேன்.

"அண்ணா, முகூர்த்தத்தன்று மோவாயில் வந்த பருவை எடுத்துவிடுங்கள், அது பத்து நாள் விருந்தாளி. நெற்றியில் ஃப்ளாஷ் பட்ட பளபளப்பைக் குறையுங்கள். கருவளையம் பாதி மங்கினால் போதும். முழுக்க அழித்தால் கண்ணுக்குக் கீழே குழிவே இல்லாமல் பொம்மை முகமாகிவிடும்.

இடது புருவத் தழும்பைத் தொடாதீர்கள். ஐந்து வயதில் அம்மிமேல் விழுந்தது. மூக்கோர மச்சம் பாட்டி தந்தது. அம்மாவின் நரையும் அப்படியே இருக்கட்டும். என் நிறத்தை மட்டும் வெளுக்கவே வேண்டாம்."

ஏன் தெரியுமோ? அக்காவின் ஆல்பத்தில் முகத்தையும் கழுத்தையும் வெளுத்துவிட்டார்கள். மாலை பிடித்த கை மாநிறம், முகமோ சுண்ணாம்பு! கழுத்தோடு சேர்ந்து தாலிக் கயிற்றின் மஞ்சளும் வெளிறிப் போயிற்று. அவள் மகள், "இது யாரும்மா?" என்று கேட்டாள். அப்புறம் அக்கா அந்த ஆல்பத்தைத் திறக்கவே இல்லை.

எனக்கு முதலில் ஒரே ஒரு படம் அனுப்பினார். முகத்தையும் கையையும் சேர்த்துப் பார்த்தேன். ஒரே நிறம், மச்சமும் இருந்தது.

"மற்றதையும் இப்படியே செய்யுங்கண்ணா" என்று எழுதினேன்.