கைமரத்தின் வாய்

வீட்டின் பின்சுவரை ஒட்டிச் சிறியதோர் ஓட்டுப் பத்தி இறக்கினோம். முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்த பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நனையாத இடம் வேண்டியிருந்தது. முதிய தச்சர் ஒருவர் வந்தார். கையாள் வேலைக்கு நானே நின்றேன்.

சுவரின் உச்சியில் நீளவாக்கில் கிடத்திய வளை மட்டமாகக் கிடக்கிறது. அதன்மேல் வரும் கைமரமோ சரிவானது. அப்படியே வைத்தால் வளையின் ஒரு விளிம்பில் மட்டுமே முட்டி நிற்கும். ஆகவே கைமரத்தின் அடிப்பக்கத்தில் படுக்கையாக ஒரு வெட்டும் செங்குத்தாக ஒரு வெட்டும் இட்டு, முக்கோணத் துண்டொன்றை எடுத்துவிடுகிறார்கள். பறவை அலகைத் திறந்தாற்போல இருக்கும்.

எங்கள் கைமரத்தின் உயரம் 4 அங்குலம். வளையின் அகலமும் 4 அங்குலம். ஓர் அடிக்கு 7 அங்குலம் ஏறும் சரிவு. வளையின் அகலம் முழுவதும் பதியட்டுமே என்று படுக்கை வெட்டை 4 அங்குலமாகவே குறித்தேன். எழுத்து வேலைக்காரனின் கணக்கு அது! தச்சர் வாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தம்பி, மரத்துக்கு இருக்கை வேணும்தான். அதுக்காக இடுப்பை வெட்டிறதா?"

அளந்து பார்த்தேன். நான் குறித்தபடி அறுத்தால் மரத்தின் குறுக்காக 2 அங்குலம், அதாவது பாதி மரம், போய்விடும். சுவருக்கு வெளியே நீளும் இறவாரத்தின் ஓட்டுப் பாரத்தை அந்த இடந்தான் தாங்குகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது என்பது தொழில் வழக்கு. படுக்கை வெட்டை இரண்டரை அங்குலமாகவும் செங்குத்து வெட்டை ஒன்றரை அங்குலமாகவும் குறைத்தார். குறுக்கே போனது ஒன்றேகால் அங்குலமே. இரு வெட்டுகளும் சந்திக்கும் மூலையைத் தாண்டி வாளை ஓடவிடவும் கூடாதாம். விரிசல் அந்தக் கீறலில்தான் தொடங்கும்.

முதல் மரத்தை மேலே ஏற்றி, வாய் இடைவெளியின்றிப் பதிகிறதா என்று பார்த்தபின் அதையே அச்சாக வைத்து மற்றவற்றைக் குறித்தோம். ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று போனால் பிழை பெருகும். பத்திரிகையில் திருத்தப்படியைப் பார்த்துத் திருத்துவது போல! மரங்களின் உயரம் சற்றே வேறுபட்டதால், வாய்க்கு மேலே எஞ்சும் கனம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும்படி மேல்விளிம்பிலிருந்து அளந்தார். இல்லையேல் ஓடுகள் அலையலையாகக் கிடக்கும்.

இருபுறமும் சரிவாக ஆணிகள் இறங்கின. வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் இரும்புப் பட்டிகளைக் கேட்டார். பாரம் கீழே அழுத்தும்வரை வாயே போதும். காற்று கூரையை மேலே தூக்கும்போது அது எதையும் பிடிக்காது, சரிவாணிகளும் கழன்றுவிடும்.

1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது நான் சிறுவன். எங்கள் அயலில் சுவர்கள் நின்றிருக்க, கூரை மட்டும் பறந்துபோன வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு கைமரத்தின் முதுகின்மேலும் பட்டியை வளைத்து, இரு முனைகளையும் வளையில் அறைந்தோம். வளையைச் சுவருக்குள் புதைத்த இரும்புக் கம்பிகளோடு முறுக்கி இறுக்கிய பிறகே ஓடு ஏற்றத் தச்சர் சம்மதித்தார்.