வெந்நீரில் பிரியும் அணுக்கள்

"அக்கா, மெஷின் கெட்டுப்போச்சு போலிருக்கு" என்று தம்பி பேப்பரை நீட்டினான். ஜனவரிக் காலை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருபுறமும் காவிரி ஓடுவதால் குளிர் சீக்கிரம் விலகாது. எங்கள் லேபுக்குள்ளும் அப்படித்தான். அவன் பயிற்சிக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

வாங்கிப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.2. சிவப்பணு 10.5 லட்சம். எம்.சி.வி. 118. ஹெமட்டோக்ரிட் 12.4. எம்.சி.எச்.சி. 74.

"இதுல எது உண்மை, எது பொய்?"

"எல்லாமே தப்பா இருக்கும்க்கா. கண்ட்ரோல் போட்டுப் பார்க்கட்டுமா?"

"போடு. ஆனா அதுக்கு முன்னாடி ஹீமோகுளோபினை மூணால பெருக்கு. ஹெமட்டோக்ரிட் எவ்வளவு இருக்கணும்?"

"27, 28."

"வந்திருக்கிறது 12. அணுக்குள்ள ஹீமோகுளோபின் இவ்வளவு அடர்த்தியா இருக்க இடமே கிடையாது. 36-ஐத் தாண்டினாலே நின்னு யோசிக்கணும். 74 வந்தா அது நோயாளியோட எண்ணே இல்லை."

லாவண்டர் மூடி ட்யூபை எடுத்து வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துக் காட்டினேன். கண்ணாடிச் சுவரில் ரத்தம் வழுக்கி இறங்காமல் மணல் மணலாக ஒட்டி நின்றது. உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு பேசினேன். கொஞ்ச நேரத்தில் மணல் குறைந்தது. எனக்குக் கற்றுக்கொடுத்த சார் செய்து காட்டியதும் இதைத்தான். ட்யூபைக் கையில் தொடாமல் அவர் எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

குளிர் அக்ளுட்டினின் என்பது பெரும்பாலும் ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருள். உடம்புச் சூட்டில் அடங்கிக் கிடக்கும். ட்யூப் ஆறியதும் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். ஒட்டிய இரண்டு அணுக்களை மெஷின் ஒரே பெரிய அணுவாக எண்ணும். அதனால் எண்ணிக்கை இறங்கி எம்.சி.வி. ஏறுகிறது. பெரிய கட்டிகளோ அளவு வரம்பைத் தாண்டிவிடுவதால் சிவப்பணுக் கணக்கிலேயே வருவதில்லை. ஹெமட்டோக்ரிட் என்பது எண்ணிக்கையையும் எம்.சி.வி.யையும் பெருக்கி வருவது, அதுவும் விழுகிறது. ஹீமோகுளோபினுக்கு மட்டும் இந்தப் பாதிப்பு இல்லை, ஏனென்றால் எல்லா அணுக்களையும் உடைத்த பிறகுதான் அதை அளக்கிறோம். சரியான அந்த எண்ணைப் பொய்யான ஹெமட்டோக்ரிட்டால் வகுத்தால் 74 வராமல் என்ன செய்யும்?

நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது இதேபோன்ற ஒரு ட்யூபைக் குச்சி விட்டுக் கிளறி, 'உறைந்துவிட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அந்தப் பாட்டிக்கு மறுபடியும் ஊசி. இரண்டாவது ட்யூபிலும் அதே மணல். அப்போதும் விளங்காமல், பெரிய அணு ரத்தசோகை என்று நினைக்கும்படி எம்.சி.வி.யை அப்படியே அனுப்பிவிட்டேன். ஸ்மியரைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: நாணயம் அடுக்கியதுபோல் வரிசையாக இருந்தால் அது ரூலோ; திராட்சைக் கொத்துப்போல் கூடிக் கிடந்தால் அக்ளுட்டினேஷன்.

தம்பி ட்யூபை 37 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்தான். அரை மணி நேரம் கழித்து எடுத்தவன், நிதானமாகத் துடைத்து, பெயர் சரிபார்த்து, அதன் பிறகே மெஷினுக்குக் கொண்டுபோனான். எம்.சி.எச்.சி. 45.

"சூடு வேலை செய்யலைக்கா."

"செஞ்சுது. நீதான் ஆற விட்டுட்டே. முதல்ல மெஷினைத் தயாரா வை, பெயரை அடிச்சு வை. அப்புறம் எடு, எட்டு பத்து தடவை தலைகீழாக் கவிழ்த்துக் கலக்கு, உடனே வை."

இன்னொரு பதினைந்து நிமிடம் வைத்து எடுத்தோம். சிவப்பணு 30.5 லட்சம், எம்.சி.வி. 92, ஹெமட்டோக்ரிட் 28.1, எம்.சி.எச்.சி. 32.7. ஹீமோகுளோபின் அதே 9.2. ஹீமோகுளோபின் அசையாமல் மற்றவை எல்லாம் இடம் மாறியதுதான் நமக்குச் சாட்சி. கொழுப்பு மிதக்கும் ரத்தத்தில் இது நேர்மாறு: சிவப்பணுவும் எம்.சி.வி.யும் சரியாக இருக்கும், ஹீமோகுளோபின்தான் பொய்யாக ஏறும். எவ்வளவு சூடாக்கினாலும் இறங்காது.

சில ட்யூப்கள் வெந்நீருக்கு மசிவதில்லை. அப்போது ரத்தத்தில் ஒரு பகுதியைச் சுழற்றி, மேலே நிற்கும் பிளாஸ்மாவை அளந்து எடுத்துவிட்டு, அதே அளவு 37 டிகிரி சலைன் ஊற்றிக் கலந்து ஓட்டுவேன். எடுக்கும்போது நடுவிலுள்ள வெள்ளைப் படலம் கலைந்துபோகும். அதனால் வெள்ளையணு, தட்டணு எண்ணிக்கைகளை முதல் ஓட்டத்திலிருந்துதான் எழுத வேண்டும்.

கடைசியாக தம்பி கேட்டான்: "சரியான எண்ணு வந்துடுச்சே, அதை மட்டும் அனுப்பிடலாமாக்கா?"

கூடாது. '37 டிகிரியில் சூடாக்கிய பின் எடுத்த அளவு. குளிர் அக்ளுட்டினின் இருக்கலாம்' என்று கீழே எழுதுங்கள். டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சளி, காய்ச்சலோடு வந்தவராக இருந்தால் மைக்கோபிளாஸ்மா நிமோனியாவா என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும். அந்த ஆளுக்கு ரத்தம் ஏற்றுவதாக இருந்தால் ரத்த வங்கிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அங்கே குரூப் பார்க்கிறவரின் ஸ்லைடிலும் இதே அணுக்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும்.