55 லட்சம் ஆண்டுகள்: ஒரு எண்ணின் பூர்வீகம்

சிப் வடிவமைப்பில் ஒவ்வொரு பரிசீலனைக் கூட்டத்திலும் ஒரு தாள் வரும். ஒரு கிளாக்கில் ஓடும் பகுதியிலிருந்து இன்னொரு கிளாக்கில் ஓடும் பகுதிக்குச் சமிக்ஞை போகும் இடங்களில் எல்லாம் இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப் போட்ட சிங்க்ரனைசர் வைத்திருப்போம். அது ஒருமுறை தவறுவதற்கும் மறுமுறை தவறுவதற்கும் இடையே சராசரியாக எவ்வளவு காலம் ஆகும் என்பதுதான் அந்தத் தாளில் இருக்கும். எம்டிபிஎஃப் என்போம். அப்படி ஒரு தாளில் 55 லட்சம் ஆண்டுகள் என்று இருந்தது. யாரும் காத்திருந்து பார்த்திருக்க முடியாத காலம் அது. பிறகு யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்தக் கேள்விதான் என்னைப் பழைய ஆய்விதழ்கள் பக்கம் இழுத்துச் சென்றது.

எண்ணைத் தந்த சூத்திரம் இது:

```
MTBF = e^(tr/τ) / (Tw · fc · fd)
```

`fc` கிளாக்கின் வேகம். `fd` உள்ளே வரும் சமிக்ஞை நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது. `Tw` கிளாக் விளிம்பை ஒட்டிய ஆபத்தான சிறு இடைவெளி. `tr` முதல் ஃப்ளிப்-ஃப்ளாப் தடுமாறினால் அது தெளிவதற்கு நாம் கொடுக்கும் அவகாசம். `τ`, அதாவது டௌ, அது தெளியும் வேகத்தைச் சொல்வது. மற்றவை புரிந்தன. இந்த அடுக்குக்குறி எங்கிருந்து வந்தது என்பதுதான் புரியவில்லை.

நான் பின்னோக்கிப் போன வரையில் கிடைத்த மிகப் பழைய குறிப்பு 1952-ஐச் சேர்ந்தது. கிளாக்கோடு ஒத்துவராமல் வெளியிலிருந்து வரும் சமிக்ஞைக்கு ஃப்ளிப்-ஃப்ளாப் திட்டவட்டமான பதில் தரும் என்று உறுதி சொல்ல முடியாது என லுப்கின் என்பவர் அப்போதே எழுதிவிட்டார். 1966-இல் ஐவர் காட் அதே சிக்கலை மீண்டும் எழுதினார். ஆனால் கண்ணால் பார்க்காதவரை பல பொறியாளர்கள் நம்பவில்லை. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சேனியும் சார்ல்ஸ் மோல்னரும் ஆசிலோஸ்கோப் படங்களோடு 1973 ஏப்ரலில் வெளியிட்ட கட்டுரை அந்த நிலையை மாற்றியது. இரண்டே பக்கம்தான். ஃப்ளிப்-ஃப்ளாப்பின் வெளியீடு 0-வும் இல்லாமல் 1-உம் இல்லாமல் நடுவில் தயங்கி நிற்பதை அந்தப் படங்கள் காட்டின. இதைத்தான் மெட்டாஸ்டபிலிட்டி என்கிறோம். ஆய்விதழ்களில் நான் அதிக நேரம் செலவிட்டது அந்த இரண்டு பக்கங்களில்தான்.

அடுக்குக்குறிக்கான விடை ஃப்ளிப்-ஃப்ளாப்பின் உள்ளே இருக்கிறது. அங்கே இரண்டு இன்வெர்ட்டர்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இணைந்திருக்கும். சரியாக நடுநிலையில் மாட்டிக்கொண்டால், இரண்டு முனைகளுக்கும் இடையே ஒரு மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடுதான் மிஞ்சும். அது கூட்டு வட்டி போல வளரும்: ஒவ்வொரு டௌ நேரத்திலும் சுமார் 2.7 மடங்கு. அசல் எவ்வளவு சிறியதோ, தெளிய அவ்வளவு நேரம். மிகமிகச் சிறிய அசலோடு தொடங்கும் வாய்ப்பும் அதே விகிதத்தில்தான் குறையும். ஆகவே ஒரு டௌ கூடுதலாகக் காத்திருந்தால், தெளியாமல் கிடப்பவற்றின் எண்ணிக்கை 2.7-இல் ஒரு பங்காகச் சுருங்கும். 1980-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஹாரி வீன்ட்ரிக் இதைத் தவறு விகிதத்தை முன்கூட்டியே கணிக்கும் முறையாக விரித்து எழுதினார்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். கிளாக் 200 மெகாஹெர்ட்ஸ், சமிக்ஞை மாறுவது நொடிக்கு 1 கோடி முறை, டௌ 100 பிகோநொடி, `Tw`-உம் அதே 100 பிகோநொடி. பெருக்கினால் நொடிக்கு 2 லட்சம் முறை அந்த ஆபத்தான இடைவெளிக்குள் சமிக்ஞை விழுகிறது. 1 நானோநொடி காத்திருந்தபின் தெளியாமல் இருப்பவை நொடிக்கு 9. ஒன்றரை நானோநொடிக்குப் பின் 16 நொடிக்கு ஒன்று. 2 நானோநொடிக்குப் பின் 40 நிமிடத்துக்கு ஒன்று. இதுவரை ஆய்வகத்தில் எண்ணிவிடலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஆஸிலேட்டர்களை வைத்து, வெளியீடு எவ்வளவு தாமதமாக வருகிறது என்று எண்ணி, மடக்கை அளவில் வரைந்தால் நேர்கோடு வரும். சரிவு டௌவைத் தரும். கோட்டின் உயரம் `Tw`-ஐத் தரும். 55 லட்சம் ஆண்டு என்பது அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டியதில் கிடைத்த புள்ளி. நம் கிளாக்கின் ஒரு சுற்று 5 நானோநொடி. ஃப்ளிப்-ஃப்ளாப்பின் இயல்பான தாமதமும் செட்டப் நேரமும் போக நாலரை நானோநொடி மிஞ்சுகிறது. அது 45 டௌ.

கோட்டை நீட்டுவதிலும் ஒரு நிபந்தனை உண்டு. கிளாக் சுற்றின் ஒரு பாதியில் மாஸ்டர் லாட்ச் தெளிய வேண்டும். மறுபாதியில் ஸ்லேவ் லாட்ச். இரண்டின் டௌவும் வேறாக இருந்தால் கோடு நடுவில் வளையும். முதல் பகுதியை மட்டும் அளந்துவிட்டு நீட்டியவர் எண்ணை நம்ப முடியாது.

எண் எவ்வளவு எளிதில் சரிகிறது என்று பாருங்கள். சமிக்ஞை மாறும் வேகம் இரட்டித்தால் 55 லட்சம் பாதியாகும், அவ்வளவுதான். `Tw`-உம் அப்படியே. ஆனால் இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப்புக்கும் நடுவே யாராவது கொஞ்சம் லாஜிக் நுழைத்தாலோ, லேஅவுட் செய்யும் மென்பொருள் அவற்றைத் தூரத் தூர வைத்துவிட்டாலோ, அதில் 2 நானோநொடி போய்விட்டால் அவகாசம் 25 டௌவாகிறது. எம்டிபிஎஃப் வெறும் 100 மணி நேரம். நான்கே நாள்! கிளாக்கை 400 மெகாஹெர்ட்ஸாக ஏற்றினால் சுற்று பாதியாகி, தெளிய 2 நானோநொடிதான் கிடைக்கும். எம்டிபிஎஃப் 20 நிமிடம். லாஜிக் சிமுலேஷனில் இது எதுவும் தெரியாது, ஏனென்றால் அங்கே ஃப்ளிப்-ஃப்ளாப் நடுவில் தயங்கி நிற்பதில்லை. இதற்காகத்தான் சைலிங்க்ஸ் எஃப்பிஜிஏ-க்களில் `ASYNC_REG` என்ற குறியை இந்த இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப்புகளுக்கும் இடச் சொல்கிறார்கள். மென்பொருள் அவற்றை அருகருகே வைக்கும். தேவையில்லாத மாற்றம் செய்யாது.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திய காரணி டௌதான். நடுநிலையில் நிற்கும்போது டிரான்சிஸ்டர்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ பாதி மின்னழுத்தமே. மின்சாரம் மிச்சம் பிடிக்க மின்னழுத்தத்தைக் குறைத்தால் அவை திறப்பதே சிரமம். குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் சிப் குளிர்ந்த சூழலில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். திறப்பதற்கான மின்னழுத்தம் ஏறிவிடுகிறது. அப்படி டௌ 200 பிகோநொடியானால், வேறொன்றும் மாறாமலே, 55 லட்சம் ஆண்டு சுமார் 8 மணி நேரமாகச் சுருங்கும். அறை வெப்பநிலையில் அளந்த டௌவைப் போட்டுக் கணக்கு முடிப்பவர்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள். மூன்றாவது ஃப்ளிப்-ஃப்ளாப் சேர்த்தால் இன்னொரு சுற்று அவகாசம் கிடைத்து அடுக்குக்குறி ஏறத்தாழ இரட்டிக்கும்; கொடுக்கும் விலை ஒரு சுற்றுத் தாமதம். குறைந்த மின்னழுத்தச் சிப்பில் அதைத் தயங்காமல் கொடுக்க வேண்டும் என்பதே என் முடிவு.

55 லட்சம் ஆண்டும் ஒரே ஒரு சிங்க்ரனைசருக்குத்தான். ஒரு சிப்பில் 1,000 இருந்து, அத்தகைய சிப் 10,000 விற்றால், அவற்றில் எங்கோ ஒன்று சராசரியாக ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை தவறும். அந்தச் சாதனத்தை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். காரணம் யாருக்கும் தெரியாது.

அடுத்த முறை இப்படி ஒரு தாள் உங்கள் மேசைக்கு வந்தால், எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் போட்ட டௌ எந்த மின்னழுத்தத்தில், எந்த வெப்பநிலையில் அளந்தது, எத்தனை சிங்க்ரனைசருக்கான கணக்கு என்று கேளுங்கள்.