கம்பெனி பிடித்தது ஒன்று, கணக்கில் வந்தது ஒன்று

லிட்டில் இந்தியாவில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. திருச்சியில் ஓர் ஆடிட்டரிடம் பழகிவிட்டு பினாங்குக்கு வந்தவன் என்பதால், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு மாற்றலாகி வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஜூலை, ஆகஸ்டு வந்தால் என்னைத் தேடி வருவார்கள். இந்தியாவில் நிதியாண்டு மார்ச்சோடு முடிகிறது. ஏப்ரலிலோ மே மாதத்திலோ விமானம் ஏறியவருக்கு, முந்தைய ஆண்டுக் கணக்கை இங்கே உட்கார்ந்துதான் முடிக்க வேண்டியிருக்கிறது.

2025-இல் அப்படி வந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். மே மாதம்வரை சென்னையில் வேலை. 2024-25-க்கு மொத்தச் சம்பளம் 16 லட்சம். மாதம் 30,000 ரூபாய் வாடகை கொடுத்துக் குடியிருந்தான். மதுரையில் அப்பா அம்மா இருக்கும் வீடு அவன் பெயரில், வங்கிக் கடனில் வாங்கியது. அதற்கு அந்த ஆண்டு கட்டிய வட்டி மட்டும் 2 லட்சத்துக்கு மேல். சென்னை கம்பெனி ஆண்டுத் தொடக்கத்தில் எந்த வரி முறை வேண்டும் என்று கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறது. இவன் பதில் போடவில்லை. புதிய முறைப்படியே மாதா மாதம் வரியைப் பிடித்துவிட்டார்கள். "அண்ணே, படிவம் 16-லயே புதுசுன்னு போட்டுட்டாங்க. இனிமே மாத்த முடியாதுல்ல?" என்றான்.

மாற்ற முடியும். ரொம்பப் பேருக்கு இது தெரிவதில்லை. 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறைதான் இயல்பு நிலை. ஊழியர் எதுவும் சொல்லாவிட்டால் அதன்படியே டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்று நேரடி வரிகள் வாரியம் 2023 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது. கம்பெனியிடம் சொல்வது டிடிஎஸ்ஸுக்காக மட்டுமே, சட்டப்படியான தேர்வு அதுவல்ல என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. தேர்வு நடக்கும் இடம் ரிட்டர்ன். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஆண்டுக்கு ஆண்டு முறையை மாற்றிக்கொள்ளலாம், தனிப் படிவம் எதுவும் வேண்டாம். தொழில் வருமானம் உள்ளவருக்குத்தான் 10-ஐஇஏ என்ற படிவமும், அதன் கட்டுப்பாடுகளும்.

மலேசியாவில் இருப்பவருக்கு இதன் அடிப்படை புதிதல்ல. இங்கேயும் முதலாளி பிசிபி என்று மாதம் தோறும் பிடிக்கிறார். டிபி1 படிவம் கொடுத்துக் கழிவுகளை முன்கூட்டியே சொல்லலாம். சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பிஇ படிவத்தில் கேட்டு, அதிகம் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். ஆனால் இங்கே ஒரே வரி அட்டவணைதான். இரண்டு அட்டவணையை வைத்து எது லாபம் என்று பார்க்கும் தலைவலி இந்தியக் கணக்கில்தான்.

அந்தத் தலைவலியைத் தம்பியோடு சேர்ந்து ஒரு தாளில் போட்டேன். புதிய முறையில் 75,000 நிலையான கழிவு போனால் மிச்சம் 15,25,000. அதற்கு வரி, 4 சதவீத செஸ்ஸோடு 1,53,400. கம்பெனி பிடித்திருந்ததும் அதேதான், அவர்கள் கணக்கில் குறையில்லை.

பழைய முறையில் முதலில் வாடகைப்படி. அவனது அடிப்படைச் சம்பளம் 8 லட்சம், வாங்கிய வாடகைப்படி 4 லட்சம், கொடுத்த வாடகை 3,60,000. வாங்கிய படி, கொடுத்த வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கு போக மீதி, சென்னை என்பதால் அடிப்படையில் பாதி என்ற மூன்றில் எது சிறியதோ அது வரிவிலக்கு. இங்கே 2,80,000. அதோடு நிலையான கழிவு 50,000, மதுரை வீட்டு வட்டிக்கு உச்சவரம்பான 2 லட்சம், வருங்கால வைப்பு நிதியும் கடன் அசலும் சேர்ந்து 80சி-யில் ஒன்றரை லட்சம், பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுக்கு 40,000. எல்லாம் கழித்தால் 8,80,000. வரியும் செஸ்ஸும் 92,040. ஆக, திரும்பி வர வேண்டியது 61,360 ரூபாய்.

தாளைப் பார்த்தால் எந்தக் கழிவு வேலை செய்கிறது என்று தெரியும். வீட்டு வட்டி ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் பழைய முறை வரி 1,41,960 ஆகிவிடும். வித்தியாசம் வெறும் 11,440. அதாவது, இந்தச் சம்பளத்தில் வாடகையையும் 80சி-யையும் மட்டும் நம்பிப் பழைய முறைக்குப் போவதில் பெரிய பசை இல்லை. வீட்டுக் கடனும் சேர்ந்தால்தான் ருசி. பொதுவாகப் பழையது லாபம், புதியது லாபம் என்று அடித்துச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

ரிட்டர்னில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. புதிய முறையிலிருந்து விலகுகிறீர்களா என்று கேட்கும் கேள்விக்கு, முன்கூட்டியே "இல்லை" என்றுதான் விழுந்திருக்கும். பழைய முறை வேண்டுமென்றால் "ஆம்" என்று மாற்ற வேண்டும். கேள்வி எதிர்மறையாக இருப்பதால் தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்கள் பலர். அடுத்து, படிவம் 16-லிருந்து தானாக வந்து நிரம்பும் சம்பளத்தில் வாடகைப்படி விலக்கு இருக்காது, கம்பெனிதான் கொடுக்கவில்லையே! அதை நாமே சேர்க்க வேண்டும். 2025-இல் போர்ட்டல் இன்னும் கறாராகிவிட்டது. வேலை பார்த்த ஊர், கொடுத்த வாடகை, கடன் கொடுத்த வங்கியின் பெயர், கடன் கணக்கு எண், காப்பீட்டு பாலிசி எண் எல்லாம் கேட்டது. இல்லாத கழிவை எழுதி ரீஃபண்ட் வாங்கித் தரும் ஏஜென்டுகளால் வந்த வினை. அந்த ஜூலையில் 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை போட்டதும் இதற்காகத்தான். தம்பியிடம் வாடகை ஒப்பந்தமும், வங்கி வழியே அனுப்பிய கணக்கும், வீட்டுக் கடன் சான்றிதழும் இருந்தன. "அப்பா அம்மா பாலிசிக்கு இன்னும் கொஞ்சம் கட்டிடலாமா அண்ணே?" என்று கேட்டான். பயனில்லை. மார்ச் 31-க்குள் கட்டியது மட்டும்தான் அந்த ஆண்டுக் கணக்கில் வரும். முறையைப் பின்னால் தேர்ந்தெடுக்கலாம், செலவைப் பின்னால் செய்ய முடியாது.

இதில் தேதிதான் உயிர். கெடுவுக்குள் தாக்கல் செய்தால்தான் பழைய முறை கிடைக்கும். தாமதமானால் அபராதத்தோடு புதிய முறை மட்டுமே. வழக்கமாக ஜூலை 31. அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குத் தள்ளி, பிறகு 16 வரை நீட்டினார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு இதில் இன்னொரு பொறி. தாக்கல் செய்தபின் 30 நாளுக்குள் சரிபார்ப்பு முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால், எந்த நாளில் சரிபார்த்தோமோ அதுவே தாக்கல் செய்த நாளாகிவிடும். கெடுவுக்குள் அனுப்பிய ரிட்டர்ன்கூட அப்படித் தாமதக் கணக்கில் விழுந்து, பழைய முறையை இழக்கும். ஆதார் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் போகும். தம்பியின் சென்னை சிம் ரீசார்ஜ் இல்லாமல் அடங்கிக் கிடந்தது. வங்கியின் நெட்பேங்கிங் வழியாக உள்ளே போய்ச் சரிபார்த்தோம். அதுவும் இல்லாதவர்கள் கையெழுத்திட்ட ஒப்புகைத் தாளை பெங்களூருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். இங்கிருந்து அனுப்பினால் 30 நாளுக்குள் போய்ச் சேருமா என்பது தபாலுக்கே வெளிச்சம்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். கம்பெனியிடம் பழைய முறை வேண்டும் என்று சொல்லி, 80சி-க்குக் கட்டுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டவர், ரிட்டர்னில் இரண்டையும் போட்டுப் பார்த்துப் புதியதற்கு வருவார். அப்போது பாக்கி விழுந்தால் அதைக் கட்டிவிட்டுத்தான் தாக்கல். பாக்கி 10,000-க்கு எட்டினால் வட்டியும் சேரலாம்.

தம்பிக்கு ரீஃபண்டோடு மாதம் அரை சதவீத வட்டியும் உண்டு. அந்த வட்டி வந்த ஆண்டில் அதற்கும் வரி உண்டு என்று சொன்னபோது சிரித்தான். சென்னையிலேயே இருந்திருந்தால் அடுத்த ஆண்டு என்ன ஆகியிருக்கும் என்று கேட்டான். 2025-26-க்குப் புதிய முறையின் அட்டவணையைத் தளர்த்தியிருக்கிறார்கள். அதே சம்பளம், அதே கழிவுகள் என்றால் புதிய முறை வரி 1,13,100, பழையது அதே 92,040. லாபம் 61,000-இலிருந்து 21,000-க்குச் சுருங்கியிருக்கும்.