ஏப்ரல் சரக்கு

2021 மே மாதம் எங்கள் கடைக்கு எக்ஸ்பைரி எடுக்க ஆள் வரவில்லை. எல்லாம் அதிலிருந்து தொடங்கியது.

மற்ற மாதங்களில் ஸ்டாக்கிஸ்ட் ஆபீஸிலிருந்து ஒரு அண்ணன் பைக்கில் வருவார். காலாவதியான அட்டைகளை எண்ணி நான் பெட்டியில் கட்டி வைத்திருப்பேன். கம்ப்யூட்டரில் ரிட்டர்ன் வவுச்சர் போட்டு, பிரதியில் அவரிடம் கையெழுத்து வாங்குவேன். மருந்து கடையை விட்டும் போகும், கணக்கை விட்டும் போகும். அட்டையில் 04/21 என்று அச்சடித்திருந்தால் ஏப்ரல் கடைசி நாள் வரை விற்கலாம். மே முதல் தேதி காலையில் அது ஷெல்ஃபில் இருக்கக் கூடாது. அந்த வருஷம் மே 10-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. அண்ணன் போனை எடுக்கவில்லை. அவர் வீட்டிலும் எல்லோருக்கும் காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது.

பெட்டியில் சிவப்பு மார்க்கரால் 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி மாடிப்படிக்குக் கீழே தள்ளினேன். “லிஸ்ட்ல இருந்து டெலிட் பண்ணிடும்மா. பில்லுல ஏறித் தொலையப் போவுது” என்றார் முதலாளி. டெலிட் செய்தேன். மறுநாள் காலை கடை திறந்தபோது அத்தனை பேட்ச்சும் லிஸ்டில் திரும்ப வந்திருந்தன. அதே பேட்ச் எண், அதே அளவு.

கடை புரசைவாக்கம் பக்கம். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் வாங்க நின்ற வரிசையிலிருந்து தண்ணீர் பாட்டிலுக்கும் மாஸ்க்குக்கும் எங்களிடம் வருவார்கள். ராத்திரியெல்லாம் நின்று வெயிலேறும்போது வருகிற முகங்கள். கடைக்குள் சானிடைசர் வாடை. வெளியே ஆம்புலன்ஸ் சத்தம். அது நெருங்கி வரும்போது வரிசையில் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள், தாண்டிப் போனதும் மறுபடி பேசுவார்கள். அந்த நெரிசலில் லிஸ்டைப் பற்றி யார் யோசிப்பது? சாயங்காலம் டெலிட் செய்வேன். காலையில் வந்து நிற்கும்.

ஒரு நாள் ஓட்டேரியிலிருந்து ஒரு ஆயா நடந்தே வந்தார். கையில் காலி இன்சுலின் குப்பி, சிவப்பு மூடி போட்ட பழைய சிரிஞ்ச். ஹெட் ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டாராம் பேரன். அங்கே ஸ்க்ரீனைப் பார்த்து இந்தக் கிளையில் பதினொன்று இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்தே காட்டினேன். அந்த 30/70 இன்சுலின் ஒன்றுகூட இல்லை. பதினொன்றும் படிக்குக் கீழே கிடந்தவை. இருப்பு குறைந்தால் ஹெட் ஆபீஸுக்குத் தானாக ஆர்டர் போக வேண்டும். பதினொன்று இருப்பதாகக் கணக்குக் காட்டியதால் ஆர்டரே போகவில்லை. “இருக்குன்னாங்களே கண்ணு” என்று இரண்டு முறை சொன்னார் ஆயா. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்துத் தெருக் கடையில் இரண்டு குப்பி கேட்டு வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

அன்றைக்கே சாப்ட்வேர்காரரைப் போனில் பிடித்தேன். “சின்க் ஓகேன்னு பச்சை டிக் காட்டுதே மேடம். நீங்க சேவ் பண்ணாம மூடியிருப்பீங்க.” எனக்குக் கோபம் வந்தது, வாயில் வரவில்லை. பில் ரோலின் பின்பக்கத்தில் தினமும் குறித்து வைக்க ஆரம்பித்தேன். ஒரு ராத்திரி தெருவில் நெட் கேபிள் அறுந்தது. மறுநாள் காலை ஒரு பேட்ச்கூடத் திரும்பவில்லை. கேபிளை ஒட்டினார்கள், அதற்கடுத்த காலையில் எல்லாம் ஆஜர். ஆக, நடுராத்திரியில் ஹெட் ஆபீஸோடு கணக்கு ஒத்துப் பார்க்கிற நேரத்தில்தான் வருகிறது.

பிறகு காலாவதியானவற்றில் இரண்டு பேட்ச்சை எடுத்துக்கொண்டேன். ஒன்றை வழக்கம்போல டெலிட். இன்னொன்றை டெலிட் செய்யாமல், 'சரக்குக் கழிவு' என்று என்ட்ரி போட்டு இருப்பைப் பூஜ்யமாக்கினேன். காலையில் டெலிட் செய்தது முழு அளவோடு வந்திருந்தது. கழித்தது பூஜ்யமாகவே இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். எங்களுக்கு வரும் புதுச் சரக்கும் அந்த வழியில்தான் கணக்கில் ஏறும். ஹெட் ஆபீஸில் பதிவார்கள். ராத்திரி இரண்டு லிஸ்டையும் ஒப்பிட்டு, அங்கே இருந்து இங்கே இல்லாததை புரோகிராம் இங்கே எழுதி வைக்கும். நான் டெலிட் செய்ததும் அங்கே இருக்கிறது, இங்கே இல்லை. இன்னும் வந்து சேராத சரக்குக்கும் நான் நீக்கிய சரக்குக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் நீக்கியதற்கு எந்தத் தடயமும் மிஞ்சவில்லை. கழிவு என்ட்ரி அப்படியல்ல. அது ஒரு பதிவு, மேலே ஏறிப் போய் ஹெட் ஆபீஸ் கணக்கிலும் கழிக்கும். ரிட்டர்ன் வவுச்சரும் அப்படித்தான் வேலை செய்தது. பைக் அண்ணன் ஒழுங்காக வந்த வரைக்கும் யாரும் டெலிட் பட்டனைத் தொடவே இல்லை, அதனால் யாருக்கும் இது தெரியவில்லை.

எல்லாவற்றையும் கழிவு போட்டு முடிப்பதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள்.

இருபத்தைந்து வயது இருக்கும். இரட்டை மாஸ்க்குக்கு மேலே கண் இரண்டும் வீங்கியிருந்தன. துப்பட்டாவில் ஊதுவத்தி வாசனை. பில்லை எடுத்துக் கண்ணாடித் தடுப்பில் ஒட்டினாற்போல் பிடித்தாள். மெத்தில்பிரெட்னிசோலோன் 16 மி.கி., ஒரு அட்டை, எக்ஸ்பைரி 04/21. பில் தேதி மே மாதம்.

“எங்கப்பாவுக்கு டேட் முடிஞ்ச மாத்திரையா குடுத்தீங்க?”

வரிசை அப்படியே நின்றது. பின்னால் யாரோ செல்போனைத் தூக்கினார்கள், யாரோ போலீஸைக் கூப்பிடு என்றார்கள், முதலாளி கத்தினார், பில் போடும் தம்பி எழுந்து உள்ளே ஓடினான், ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். நான் அவளை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டேன். “அட்டை இருக்காம்மா?” என்று கேட்டேன்.

பையில் இருந்தது. நான்கு மாத்திரை மீதி. இருவரும் டியூப்லைட்டுக்குக் கீழே அதைச் சாய்த்துப் பிடித்துப் படித்தோம். வெள்ளிக் காகிதத்தில் குத்தியிருந்த எழுத்து, ஓரம் கிழிந்தும் தெளிவாக இருந்தது: 2022. கொடுத்தது புதுச் சரக்கு. எது முதலில் காலாவதியாகுமோ அதை முதலில் விற்க வேண்டும் என்பது கடை வழக்கம். புரோகிராமும் அந்தக் கணக்கில் பட்டியலின் தலையில் ஏப்ரல் பேட்ச்சை வைத்திருக்கிறது. எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் தம்பி என்ட்டரைத் தட்டியிருக்கிறான். கை ஷெல்ஃபில் இருந்த அட்டையை எடுத்தது, பில்லில் படிக்குக் கீழே கிடந்த அட்டை ஏறியது.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பேட்ச் எண்ணை எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். படிக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, பில்லில் இருந்த எண்ணுள்ள அட்டைகளைக் காட்டினேன். ஒன்றிலும் மாத்திரை பிரிக்கப்படவில்லை. கடைசியில் தலையாட்டினாள். நம்பினாளா, இல்லை களைத்துப்போனாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. “அம்மா ராத்திரியெல்லாம் இந்தப் பில்லையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. வேற பில் குடுங்க” என்றாள்.

போட்ட பில்லைத் திருத்த புரோகிராம் விடாது. எங்கள் பார்மசிஸ்ட் சார் அந்தப் பில்லின் மேலேயே சரியான பேட்ச் எண்ணையும் தேதியையும் பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரை குத்திக் கொடுத்தார். அவர் கை நடுங்கியது. அவர் தம்பியும் அப்போது ஸ்டான்லியில் ஆக்சிஜனில் இருந்தார்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு சாப்ட்வேர்காரர்கள் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது டெலிட் செய்தால் வரி அழியாது; நீக்கப்பட்டது என்ற குறியோடு அப்படியே இருக்கும், ராத்திரி அந்தக் குறிதான் ஹெட் ஆபீஸுக்குப் போகும். காலாவதி பேட்ச்சுக்கு என்ட்டர் தட்டினாலும் பில் போகாது. ஆனால் அந்த மே மாதத்தில் அச்சாகி வெளியே போன பில்களை எதுவும் மாற்றவில்லை. அப்படி எத்தனை வீடுகளுக்குப் போனது என்று பழைய பில்களைத் துழாவி ஒரு பட்டியல் எடுத்தேன். போன் நம்பர் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். “யாரும் கேக்காததை நாம ஏம்மா கிளறணும்” என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் செல்லிலிருந்து நானே கூப்பிட்டேன். சில நம்பர்களை வேறு யாரோ எடுத்தார்கள்.