16 நிறங்களில் அம்மாச்சி

அம்மாச்சியின் வண்ணப் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைத் தையல் சித்திரமாக்கி அம்மாவுக்குக் கொடுக்க நினைத்தேன். உதவித்தொகை தாமதமாகிய மாதம் அது. புனேயில் கையிலிருந்த பணத்துக்கு 16 நிற நூல்கண்டுகளே கட்டுப்படியாகும். அங்குலத்துக்கு 14 கட்டங்கள் கொண்ட தந்தநிற அய்டா துணியில் 7-க்கு 9 அங்குலம் என்றால் 98-க்கு 126 கட்டங்கள். மொத்தம் 12,348 தையல்கள்.

ஆய்வுக்கு அன்றாடம் பயன்படுத்தும் கே-மீன்ஸ் முறையையே முதலில் நம்பினேன். அது எல்லாக் கட்டங்களின் நிறங்களையும் 16 குழுக்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சராசரி நிறத்தைத் தரும். விளைவைக் கண்டு திகைத்தேன். பின்னாலிருந்த ஈரம் படிந்த பச்சைச் சுவர் ஆறு நிறங்களை எடுத்துக்கொண்டது. முகத்துக்கு மூன்று பழுப்புகளே மிஞ்சின, மூக்குத்தி மறைந்தேபோயிற்று. மொத்தப் பிழையைக் குறைப்பதே அம்முறையின் நோக்கம். படத்தில் பாதிக்கு மேல் சுவர். இரண்டே கட்ட மூக்குத்தியின் பிழை அந்தக் கணக்கில் எம்மாத்திரம்?

அடுத்து, இருக்கும் நிறங்களைப் புள்ளிகளாகத் தூவி இடைநிறங்களின் தோற்றத்தைத் தரும் டிதரிங்கை முயன்றேன். திரையில் முகம் உயிர்பெற்றது. ஊசியைக் கையிலெடுத்ததும்தான் அதன் விலை புரிந்தது. கன்னத்தில் ஓர் அங்குலச் சதுரத்துக்குள் உள்ள 196 தையல்களில் எண்பதுக்கும் மேற்பட்டவை அண்டைக் கட்டம் எதனோடும் நிறம் சேராத தனிப்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் நூலை மாற்றவேண்டும். துணியின் பின்புறம் முடிச்சுகளால் தடித்துவிடும். ஒரு மாலைப்பொழுதோடு அதைக் கைவிட்டேன்.

பிறகு சுவரையே நீக்கினேன். அங்கே தையல் இல்லை, வெறுந்துணிதான். 16 நிறங்களில் ஒன்பது முகத்துக்கு, ஐந்து சேலைக்கு, இரண்டு கூந்தலுக்கு. சராசரி நிறம் கடையில் கிடைக்காதல்லவா? நூல் நிற அட்டையில் அதற்கு மிக நெருக்கமானதைத் தேட, கண்ணின் உணர்வுக்கு அணுக்கமான லேப் வண்ண அளவையைக் கொண்டேன். அப்படியும் திரையில் வேறுபட்ட இரு பழுப்புகள் பகல் வெளிச்சத்தில் ஒரே நூலாகத் தெரிந்தன, ஒன்றை மாற்றினேன். தனித்து நின்ற கட்டங்களை அண்டை நிறத்தில் கரைக்க ஒரு விதி எழுதினேன். அவ்விதி மூக்குத்தியையும் விழுங்கும் என்பதால் அந்த இரண்டு கட்டங்களைக் கையால் வெள்ளையாகக் குறித்தேன்.

முகத்தைத் தைத்து முடித்து, விடுமுறையில் ஊருக்குக் கொண்டுபோனேன். அம்மா மூக்குத்தியை விரலால் தடவினாள். நெடுநேரம் கழித்து, சேலைக்கென வைத்திருந்த நூல்களைப் பார்த்து, "இது காவி இல்லை, அரக்கு. வெயில் பட்டுப் படம் வெளுத்துப்போச்சு" என்றாள்.

வரைபடத்தின் குறியீடுகளைத் தொடவில்லை. குறிப்பட்டியலில் சேலையின் ஐந்து நூல் எண்களை மட்டும் அடித்துவிட்டு, வெளிர்மை முதல் அடர்த்தி வரை அதே வரிசையில் ஐந்து அரக்கு நூல்களை எழுதினேன்.