கணவரிடம் சொல்ல நான்கு நாள்கள்

பெயரைத் தவிர்த்து, கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே இதை எழுதுகிறோம்.

எங்கள் இருவருக்கும் இது மறுமணம். மனைவியின் முதல் கணவர் மவுத்தாகிவிட்டார். கணவரின் முதல் திருமணம் தலாக்கில் முடிந்தது. நிக்காஹ் நடந்த இரண்டாம் ஆண்டில் அல்லாஹ் எங்களுக்குக் கருவை அருளினான். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில், மூன்றாம் மாதம், சிபிலிஸ் என்னும் பால்வினை நோயின் அடையாளம் மனைவிக்குத் தென்பட்டது. ஆர்.பி.ஆர். அளவு 1:16. கர்ப்ப காலத்தில் இந்தச் சோதனை சில வேளை பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும் என்பதால் டி.பி.எச்.ஏ. என்ற மற்றொரு சோதனையும் செய்தார்கள். அதுவும் பாசிட்டிவ்.

நோய் எப்போது வந்தது என்று தெரியாததால், வாரம் ஒன்றாக மூன்று பென்சதைன் பென்சிலின் ஊசிகள் போட வேண்டும் என்றார் மருத்துவர். ஒவ்வொன்றும் 24 லட்சம் யூனிட். முதல் ஊசி அன்றே போடப்பட்டது. "அடுத்த வாரம் உங்கள் கணவரையும் அழைத்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

நான்கு நாள்கள் மனைவி வாய் திறக்கவில்லை. முதல் இரவு காய்ச்சலும் நடுக்கமும் வந்தன. கிருமிகள் அழியும்போது இப்படி வரலாம் என்றும், வயிறு இறுகி வலித்தால் உடனே வர வேண்டும் என்றும் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். வீட்டில் கேட்டவர்களிடம் சத்து ஊசி என்று சொல்லிச் சமாளித்தாயிற்று. மனத்துக்குள் இரண்டு வாக்கியங்கள் மாறிமாறி வந்தன: "இது உங்களால்தான்", "சத்தியமாக நான் தவறு செய்யவில்லை." முதலாவது, தெரியாத ஒன்றைக் குற்றமாகச் சுமத்துவது. இரண்டாவது, யாரும் கேட்காத குற்றத்துக்கு விடை சொல்வது. இரண்டையும் விட்டுவிட்டு, நான்காம் நாள் இஷாவுக்குப் பின் அறிக்கையைக் கையில் கொடுத்து, மனைவி இவ்வளவுதான் சொன்னார்:

"என்னங்க, என் இரத்தத்தில் சிபிலிஸ் இருக்கிறது. ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள், குணமாகிவிடும். ஆனால் உங்களுக்கும் இருந்து, நீங்கள் மருந்து எடுக்காவிட்டால் எனக்குத் திரும்ப வரும், பிள்ளைக்கும் போகும். செவ்வாய்க்கிழமை என்னோடு வர வேண்டும்."

"யாரிடமிருந்து வந்தது?" கணவரின் முதல் கேள்வி அதுதான். "டாக்டருக்கே தெரியாது" என்றார் மனைவி. கணவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அன்றிரவு எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. மாடியில் கணவர் நினைத்தது என்னவென்று இங்கே எழுதப் போவதில்லை. அது நல்லெண்ணம் அன்று. ஆயினும் செவ்வாய்க்கிழமை அவர் வந்தார்.

மருத்துவர் விளக்கியது எங்கள் சண்டையின் வேரையே அறுத்தது. இந்நோயின் முதல் புண் வலிக்காது. உடலுக்குள் மறைவான இடத்திலும் தோன்றலாம், தானே ஆறிவிடும். அதன் பிறகு நோய் ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இன்றி இரத்தத்தில் கிடக்கும். எங்கள் இருவரின் முந்தைய திருமணங்களுள் எதிலிருந்தும் அது வந்திருக்கலாம். கணவரின் சோதனையும் பாசிட்டிவாக வந்தது, அளவு 1:2. எண் சிறியதாக இருக்கிறதே, அப்படியென்றால் யாருக்கு முதலில் வந்தது என்று கேட்டோம். அந்த எண் நோயின் வயதைச் சொல்லாது, பழைய நோயிலும் குறைந்திருக்கலாம், அதை வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது என்றார். அவதூறு பேசுவது எத்தகைய பாவம் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறோம். ஓர் ஆய்வக எண்ணை வைத்து அதைச் செய்யப் பார்த்தோம்.

கணவரின் முடிவு நெகட்டிவாக வந்திருந்தாலும் அதோடு முடிந்திருக்காது. தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவே அண்மையில் சேர்க்கை இருந்திருந்தால் ஊசியைப் போட்டுவிடுவதே முறை. ஒருமுறை குணமானதால் உடலுக்குப் பாதுகாப்பு ஏதும் வந்துவிடுவதில்லை. கிருமியுள்ள துணையிடமிருந்து மறுபடியும் தொற்றும். மனைவி மட்டும் மூன்று ஊசிகளையும் போட்டுக்கொண்டிருந்தால், ஐந்தாம் மாதத்தில் மீண்டும் நோயோடு நின்றிருக்கக்கூடும். இருவருக்கும் எச்.ஐ.வி. சோதனையும் எடுத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ், இல்லை. இருவரின் சிகிச்சையும் முடிந்து ஒரு வாரம் ஆகும்வரை தனித்தனியே படுத்தோம். மாமியாருக்குக் காரணம் சொல்லத்தான் சிரமப்பட்டோம்.

எல்லா வீட்டிலும் இப்படிச் சொல்லிவிட முடியாது என்பதை அறிவோம். கை நீட்டும் கணவரிடம் தனியறையில் இதைச் சொல்லத் தேவையில்லை. மருத்துவரே தம் அறையில், மனைவியை அருகில் வைத்துக்கொண்டு சொல்வார். அல்லது நோயின் பெயர் குறிப்பிடாமல் கணவரைச் சோதனைக்கு அழைத்துத் துண்டுச்சீட்டு கொடுப்பார். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

கர்ப்பிணிக்கு வாராந்திர ஊசி நாள்கணக்கில் தள்ளிப்போனால் மூன்றையும் முதலிலிருந்து தொடங்க நேரிடும். கணவர் தம் மூன்றாம் ஊசியன்று நொண்டியபடி வண்டியை ஓட்ட முடியாமல் ஆட்டோ பிடித்தார். எட்டாம் மாதத்தில் மனைவியின் அளவு 1:4 ஆக இறங்கியிருந்தது. நான்கு மடங்கு குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருளாம். டி.பி.எச்.ஏ. மட்டும் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே காட்டும் என்பதால், சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம். மகள் பிறந்ததும் அவளுடைய இரத்தத்தையும் பரிசோதித்தார்கள். முடிவைக் கணவர்தான் போய் வாங்கிவந்தார். படிக்கட்டிலேயே நின்று இருமுறை படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.